கண்டக்டரைத் திட்டி என்ன புண்ணியம்?

போன செமஸ்டர் பரீட்சையன்று காலை வண்டி எங்கள் ஊருக்குள் திரும்பாமல் மெயின் ரோட்டிலேயே நேராகப் போய்விட்டது. அரை மணி நேரம் லேட்டாகப் போய் உட்கார்ந்தேன். ரெண்டு நாள் கழித்து அந்தக் கண்டக்டரை சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் பிடித்துச் சண்டைக்குப் போனால், "தம்பி, நான் வேற லைன். ராத்திரி போன் வந்துச்சு, காலையில வந்து நின்னேன். உள்ள திரும்பணும்னு யாருமே சொல்லலியே" என்கிறார். எந்த டெப்போ என்பது வேண்டாம், விடுங்கள்.

கேட்டால் "ஆள் பத்தாக்குறை" என்று ஒரே பதில். ஆடித்தபசுக்கு ஸ்பெஷல் விடும்போது வழக்கமான லைன்களிலிருந்து ஆளை எடுக்கத்தான் வேண்டும். அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் ஆள் குறைவுக்கும், மாற்றியதை ஒழுங்காகச் சொல்லாததற்கும் என்ன சம்பந்தம்?

ஒரு உதாரணம் பாருங்கள். ஒரு டிரைவர் ராத்திரி 11 மணிக்கு டூட்டி முடிக்கிறார். காலை 5 மணி வண்டிக்கு ஆள் லீவு. "நீங்களே எடுத்துடுங்க" என்று அவர் தலையில் கட்டுவது சுலபம். ஆனால் 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாள் டூட்டிக்கும் மறுநாள் டூட்டிக்கும் நடுவே தொடர்ச்சியாக 9 மணி நேரம் ஓய்வு கேட்டது. அந்தச் சட்டம் 2025-இல் புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது, உடம்பு மாறவில்லையே! அந்தக் கணக்கில் அவர் 8 மணிக்கு முன்னால் வரக்கூடாது. ஆக 8.15 வண்டிக்காரரை 5 மணிக்கு வரச் சொல்லிவிட்டு, இவருக்கு 8.15-ஐக் கொடுக்க வேண்டும்.

தவறு நடப்பது இங்கேதான். மாற்றம் ஒன்று, சொல்ல வேண்டிய ஆள் ரெண்டு. காமர்ஸ் படிக்கிற நமக்குத் தெரியும், டெபிட் இருந்தால் கிரெடிட் இருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் போன் போனால் ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவர் நிற்பார்கள், அல்லது ஒருவருமே இருக்க மாட்டார்கள். அதற்கு மேல், ராத்திரி 12.10-க்கு "நாளைக்கு முதல் வண்டி" என்றால் எந்த நாளைக்கு?

செலவே இல்லாத வைத்தியம் இருக்கிறது. தேதி, டூட்டி நம்பர், வர வேண்டிய நேரம், யாருக்குப் பதில் யார் என்று நாலு விவரத்தையும் டூட்டி சார்ட்டில் ஒரே இடத்தில் எழுதி, எழுதிய நேரத்தையும் போட்டு ஒரு கையெழுத்து. போனில் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ரயில்வேயில் லைன் கிளியர் கொடுக்கும்போது ஸ்டேஷன் மாஸ்டர்கள் பிரைவேட் நம்பர் பரிமாறிக்கொள்கிறார்களே, அதே யோசனைதான். லைனுக்குப் புதியவர் என்றால் வண்டி எங்கெங்கே உள்ளே திரும்பும் என்று ஒரு துண்டுச் சீட்டும் கையில் கொடுங்கள்.

இதற்கு எத்தனை ஆள் கூடுதலாக வேண்டும்? ஒருத்தர்கூட வேண்டாம். அடுத்த தடவை வண்டி நிற்காமல் போனால் கண்டக்டர் சட்டையைப் பிடிக்காதீர்கள் மக்களே. ராத்திரி போன் போட்டது யார், என்ன சொன்னார் என்று கேளுங்கள்.