நஞ்சுக்கொடிக்குக் காத்திருக்க வேண்டாம்

திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் மாடு கன்று ஈன்றால், நஞ்சுக்கொடி விழட்டும் என்று சீம்பால் கறக்காமல் காத்திருப்பவர்கள் உண்டு. அந்த நேரம் கன்றுக்குப் பெரிய இழப்பு. தாயின் நோய் எதிர்ப்புப் புரதம் கருவிலேயே கன்றுக்குப் போய்ச் சேர்வதில்லை. சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும். அதை அப்படியே உறிஞ்சும் குடலின் திறன் மணிக்கு மணி குறைந்து, ஒரே நாளில் அடங்கிவிடும். 25 கிலோ கன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டரை லிட்டர் வேண்டும்.

மஞ்சளாக, கெட்டியாக இருப்பதால் மட்டும் அது நல்ல சீம்பால் ஆகிவிடாது. பிரிக்ஸ் ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு தெரியும். அது 22-ஐத் தொட்டால் நல்லது. 18 என்றால் கூடுதலாகப் புகட்ட வேண்டும், அல்லது வேறொரு மாட்டின் நல்ல சீம்பாலைத் தேட வேண்டும். குடித்தது உடலில் சேர்ந்ததா என்பதையும் இதே கருவி காட்டும்: மறுநாள் கால்நடை மருத்துவர் கன்றின் ரத்தத்திலிருந்து பிரிக்கும் சீரம் 8.4-க்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு பால் கூட்டுறவுச் சங்கமும் இக்கருவி ஒன்றை வாங்கி வைக்கட்டும்.