முடிந்தது என்றால் என்ன ஆனது?

நிலத்தரகர் தொலைபேசியில் "இடம் முடிஞ்சுது சார்" என்றால் நாம் மகிழ்கிறோம். விலை படிந்தது, கைமாற்றம் உறுதியானது என்று பொருள். அதே தரகர் "அந்தப் பேச்சு முடிஞ்சுது" என்றால் முகம் வாடுகிறது. 'முடி' என்ற வினைக்கு முடிச்சுப் போடுதல் என்ற பொருளும் இருக்கிறது, தீர்ந்துபோதல் என்ற பொருளும் இருக்கிறது. பேச்சில் குரலும் சூழலும் எந்தப் பொருள் என்று காட்டிவிடும். ஒப்பந்தத்தில் குரல் கிடையாது. ஆவணங்களை மொழிபெயர்க்கும், வரையும் நம்மில் பலர் இந்த ஒரே வினையை நாலைந்து சட்ட நிகழ்வுகளுக்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். இந்த இதழின் மேசைக்கு வரும் வரைவுகளில் நான் அதிகம் திருத்துவது இதைத்தான்.

ஆங்கிலத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. ஒப்பந்தத்தை 'கன்க்ளூட்' செய்வது என்றால் அதைச் செய்துகொள்வது, 'டெர்மினேட்' செய்வது என்றால் அதை முடிவுக்குக் கொண்டுவருவது. உடன்படிக்கைகள் பற்றிய 1969ஆம் ஆண்டு வியன்னா உடன்பாடு முதற்சொல்லை உடன்படிக்கையின் பிறப்புக்கும் இரண்டாவதை அதன் இறுதிக்கும் வைத்திருக்கிறது. அகராதியில் இரண்டுக்கும் 'முடித்தல்' என்று இருப்பதைப் பார்த்து அப்படியே எழுதினால் பிறப்பும் இறப்பும் ஒன்றாகிவிடும். இந்தியாவும் பிரிட்டனும் தடையற்ற வணிகத்துக்கான பேச்சுவார்த்தையை 2025 மே 6 அன்று நிறைவு செய்தன. ஒப்பந்தம் கையெழுத்தானது ஜூலை 24 அன்று. அந்த மே நாளில் ஒருவர் 'ஒப்பந்தம் முடிந்தது' என்று எழுதினால், வாசகர் மூன்று விதமாக எடுத்துக்கொள்ளலாம்: பேச்சு முடிந்தது, கையெழுத்தானது, ஒப்பந்தமே இல்லாமல் போனது. அவற்றில் ஒன்றுதான் உண்மை.

இந்தக் குழப்பம் பணமாக மாறும் இடத்தைப் பார்ப்போம். அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர் சங்கமும் லிப்ட் பராமரிப்பு நிறுவனமும் செய்துகொள்ளும் ஆண்டு ஒப்பந்தம் ஒன்றை மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன். காலம் 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை. ஆண்டுக் கட்டணம் முழுவதும் முன்கூட்டியே செலுத்தியாயிற்று. தமிழ்ப் படியில் இப்படி ஒரு பிரிவு:

"இந்த ஒப்பந்தம் முடிவதற்கு 60 நாள்களுக்கு முன்பு எழுத்துமூலம் அறிவித்து எத்தரப்பும் இதை முடித்துக்கொள்ளலாம். முடிந்தபின் ஒருவர்மீது ஒருவர் எந்தக் கோரிக்கையும் எழுப்பலாகாது."

பராமரிப்பு சரியில்லை என்று சங்கம் கடிதம் தருகிறது. அக்டோபர் 10 அன்று அது நிறுவனத்தின் கைக்குக் கிடைக்கிறது. அன்றிலிருந்து 60 நாள், அதாவது டிசம்பர் 9இல் ஒப்பந்தம் தீரும் என்பது சங்கத்தின் கணக்கு. நிறுவனமோ 'முடிவதற்கு' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறது. ஒப்பந்தம் முடிவது மார்ச் 31இல். ஜனவரி 30க்குள் அறிவித்திருந்தாலும் போதும், ஆனால் எப்போது அறிவித்தாலும் மார்ச் 31 வரை ஒப்பந்தம் நடப்பில்தான் இருக்கும் என்கிறது. இடையில் இருப்பது சரியாக 16 வாரக் கட்டணம். சங்கத்தின் வாசிப்பே சரி என்று வைத்துக்கொண்டாலும், அந்த 16 வாரத்துக்கான பணத்தைத் திரும்பக் கேட்கும்போது இரண்டாவது வாக்கியம் வாயை அடைக்கிறது. 'முடிந்தபின்' கோரிக்கை எழுப்பலாகாதே!

இங்கே நடந்தது மூன்று தனி நிகழ்வுகள். காலம் தானாகத் தீர்வது ஒன்று. ஒரு தரப்பு தன் விருப்பத்தால் முன்னதாகவே நிறுத்துவது இன்னொன்று. நின்ற பிறகும் எஞ்சி நிற்கும் உரிமைகள் மூன்றாவது. முதலாவதுக்கு மருந்துப் பட்டையிலும் ஓட்டுநர் உரிமத்திலும் எல்லோரும் படித்துப் பழகிய 'காலாவதி' இருக்கிறது. இரண்டாவதுக்கு 'முடிவுக்குக் கொண்டுவருதல்' என்று நீட்டி எழுதுவதையே நான் விரும்புகிறேன். அந்த நீளம் வீண் அல்ல, கொண்டுவருபவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அது சொல்கிறது. 'முறித்தல்' சுருக்கமான சொல்தான். ஆனால் அது மீறலின் வாடையோடு வருகிறது. உரிமைப்படி அறிவிப்புத் தந்து விலகுபவர்மேல் பழி ஏற்றுகிறது. திருத்திய படி இது:

"இந்த ஒப்பந்தம் 2026 மார்ச் 31 அன்று காலாவதியாகும். அதற்கு முன்பும், எத்தரப்பும் மறுதரப்புக்கு எழுத்துமூலம் அறிவிப்புத் தந்து இதை முடிவுக்குக் கொண்டுவரலாம். அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 60ஆம் நாளில் அது நடப்புக்கு வரும். அந்த நாள்வரை எழுந்த நிலுவைகளும் உரிமைகளும் இதனால் பாதிக்கப்படமாட்டா."

முன்பணத்தில் மீதியைத் திருப்பித் தருவது பற்றி வரைபவர் தனி வாக்கியம் எழுத வேண்டும். மொழிபெயர்ப்பாளர் மூலத்தில் இல்லாததைச் சேர்க்க முடியாது, ஆனால் விடுபாட்டைச் சுட்டிக் குறிப்பு எழுதி அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும்.

'ரத்து' என்ற சொல்லையும் கவனமாக வைத்துக்கொள்ள வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் என்றால் முன்பு எழுதியதை இல்லாமல் ஆக்குவது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 64ஆவது பிரிவு, தவிர்க்கத்தக்க ஒப்பந்தத்தை ஒருவர் ரத்து செய்தால் அதன்கீழ் தாம் பெற்ற பயனை இயன்றவரை திருப்பித் தர வேண்டும் என்கிறது. ரத்து பின்னோக்கிப் பார்க்கும், முடிவுக்குக் கொண்டுவருதல் அன்றிலிருந்து முன்னோக்கிப் பார்க்கும். லிப்ட் ஒப்பந்தத்தை 'ரத்து செய்யலாம்' என்று எழுதினால், ஏப்ரலிலிருந்து செய்த வேலைக்கான பணத்தையும் திருப்பித் தர வேண்டுமா என்ற கேள்வியை நாமே கிளப்பிவிடுகிறோம்.

எனக்கு மிகவும் கவலை தரும் சொல் 'நிறைவு'. மங்கலமான சொல் என்பதால் கசப்பை மறைக்க அதை எடுக்கிறோம். அரசு அலுவலகத்தில் பணி நிறைவையும் பணிநீக்கத்தையும் யாரும் குழப்புவதில்லை. முதலாமவருக்கு மாலை போடுகிறார்கள். ஒப்பந்தத்தில் மட்டும், ஒப்பந்ததாரர் வேலையைப் பாதியில் விட்டதால் நிறுத்தப்பட்டதை 'நிறைவுற்றது' என்று எழுதிவிடுகிறோம். நிறைவு என்றால் இரு தரப்பும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள் என்று பொருள். மரியாதைக்காக எழுதிய அந்தச் சொல் நாளை அவர் கையில் நற்சான்றாகும்.

அதே சொல் கூட்டக் குறிப்பில் சரியாகப் பொருந்தும். அங்கே தவிர்க்க வேண்டியது 'முடிவு'. நிகழ்ச்சிநிரலின் கடைசி வரியில் 'முடிவு' என்று போட்டால் தீர்மானமா, கூட்டம் கலைவதா என்று தெரியாது. பேசியதைத் திரட்டி யார் எதை எந்த நாளுக்குள் செய்வது என்று தலைவர் சொல்லும் பகுதிக்குத் 'தொகுப்புரை' என்று பெயர் கொடுங்கள். கூட்டம் கலைவதற்கு 'நிறைவு' போதும். நேரத்தையும் குறியுங்கள். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 118ஆவது பிரிவுப்படி கூட்டம் நிறைவுற்ற 30 நாள்களுக்குள் கூட்டக் குறிப்பு ஏட்டில் ஏற வேண்டும். அந்தக் கணக்கு தொடங்குவது இந்த வரியிலிருந்துதான்.

பாதியில் நின்ற கூட்டத்துக்கு 'முடிந்தது', 'நிறைவுற்றது' இரண்டும் பொருந்தாது. ஒத்திவைத்த கூட்டம் அதே கூட்டத்தின் தொடர்ச்சி, விட்ட பொருளிலிருந்து அதைத் தொடரலாம். பொதுக்குழு முடிந்ததாக எழுதிவிட்டால், மீதியைப் பேச 21 நாள் தெளிவான அறிவிப்போடு புதிதாகக் கூட்ட வேண்டிய நிலை வரலாம். மேலும் 116ஆவது பிரிவுப்படி, ஒத்திவைத்த கூட்டத்தில் நிறைவேறும் தீர்மானத்துக்கு அது உண்மையில் நிறைவேறிய நாளே தேதி, முதல் அமர்வின் நாள் அல்ல. ஆகவே குறிப்பு இப்படி இருக்கட்டும்: "5ஆம் பொருள் மீதான விவாதம் முற்றுப்பெறாத நிலையில், மாலை 5.40 மணிக்குக் கூட்டம் அடுத்த திங்கட்கிழமை காலை 11 மணிக்கு இதே இடத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது."