நான் சிவப்பு மையால் சுழித்த பன்னிரண்டரை டிகிரி

முப்பது வருடத்துக்கும் மேலாகப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவன் நான். "துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, அதுதான் நீ நிற்கும் ஊரின் அட்சரேகை" என்று எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். நிலநடுக்கோட்டில் நின்றால் அது தொடுவானத்தில் கிடக்கும், வட துருவத்தில் நின்றால் உச்சந்தலைக்கு மேல் நிற்கும், நமக்கு நடுவில் பத்தரை டிகிரி என்று கரும்பலகையில் படமும் போடுவேன். ஆனால் ஒரு நாள்கூட நானே அளந்து பார்த்ததில்லை. இந்த வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

1991 மார்கழியில் ஒரு பையன் தானாகவே அளந்து, நோட்டில் "வேடசந்தூர் 12½°" என்று எழுதிக்கொண்டு வந்தான். நான் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் 10½ என்று திருத்தி எழுதினேன். "நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் சார் எழுதினேன்" என்றான். "பார்த்தால் போதாதுடா, சரியா இருக்கணும்" என்றேன். அவன் அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருடம் முழுக்கவே ஒன்றும் கேட்கவில்லை.

போன பங்குனியில் என் பேரன், "தாத்தா, இதை நாமே அளக்கலாமா?" என்று ஜாமென்ட்ரி பாக்ஸோடு வந்து நின்றான். கோணமானியின் நேர் விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டினோம். கோணமானியின் மையத்தில் உள்ள ஓட்டையில் நூலைக் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டோம். ஸ்ட்ராவை மட்டமாகப் பிடித்தால் நூல் 90-இல் நிற்கும். நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்தால் நூல் நகரும். எத்தனை டிகிரி நகர்ந்ததோ அதுதான் உயரம். ஒருவர் ஸ்ட்ரா வழியாகப் பார்க்க வேண்டும், நூல் ஆடாமல் நின்றதும் இன்னொருவர் அதை விரலால் அழுத்திப் பிடித்து டார்ச் அடித்துப் படிக்க வேண்டும். நூல் நேர் கீழே தொங்குவதால் தொடுவானம் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டியதே இல்லை. வீடும் மரமும் சூழ்ந்த நமக்கு அது பெரிய வசதி.

இரவு ஒன்பது மணிக்கு மொட்டை மாடி ஏறினோம். சப்தரிஷி மண்டலம் வடகிழக்கில் நன்றாக ஏறியிருந்தது. அதன் கிரது, புலகர் என்ற இரண்டு நட்சத்திரங்களை இணைத்து, அந்தத் தூரத்தைப்போல் ஐந்து மடங்கு கோட்டை நீட்டினால் துருவன். கையை நேராக நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய பத்து டிகிரி. அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி உயரம், அவ்வளவுதான். அத்தனை தாழ்வில் தூசும் புகையும் அதன் வெளிச்சத்தைத் தின்றுவிடும். நல்லவேளையாக மலை வந்து மறைக்கவில்லை.

பத்து தடவை அளந்தோம். 10, 12, 11, 9½, 11, 12, 10½, 11½, 10, 11½. சராசரி 10.9. பேரனின் போன் 10.53 என்றது. ஒரு டிகிரிக்குச் சுமார் 111 கிலோமீட்டர். ஆக நாங்கள் நாற்பது கிலோமீட்டர் வடக்கே தள்ளி, கிட்டத்தட்ட கரூரில் போய் நின்றுவிட்டோம். கை நடுக்கத்தோடு பிளாஸ்டிக் கோணமானியில் அளந்ததற்கு இது மோசமில்லை. ஒரே ஒரு தடவை அளந்து, அது 12 என்று வந்திருந்தால்?

அன்றிரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் அந்தப் பையனின் பன்னிரண்டரை நினைவுக்கு வந்தது. இரண்டு டிகிரி எங்கே போயிருக்கும்?

முதல் காரணம் வானத்திலேயே இருக்கிறது. துருவ நட்சத்திரம் சரியாகத் துருவத்தில் இல்லை. சற்று விலகி நின்று, நாள் ஒன்றுக்கு ஒரு சிறு வட்டம் போடுகிறது. 1991-இல் அந்த விலகல் ஏறத்தாழ முக்கால் டிகிரி. இன்று இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. மார்கழித் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணி வாக்கில் அது வட்டத்தின் உச்சியில் இருக்கும். ஆனி மாதம் அதே நேரத்தில் அடியில் இருக்கும். பங்குனியில் பக்கவாட்டில், துருவத்தின் மட்டத்திலேயே இருக்கும். நாங்கள் பங்குனியில் அளந்தது அதிர்ஷ்டம். அவன் அளந்தது மார்கழியில்.

இரண்டாவது காரணம் நூல். அவன் கொண்டுவந்த கோணமானி என் கண்முன் நிற்கிறது. நூலை மைய ஓட்டையில் கட்டாமல், விளிம்பில் ஸ்ட்ராவிலேயே கட்டியிருந்தான். கோணமானியின் மையம் விளிம்பிலிருந்து ஐந்து மில்லிமீட்டராவது உள்ளே தள்ளி இருக்கும். விளிம்பிலிருந்து தொங்கும் நூல் சாயும்போது கூடுதலாக விலகும். காகிதத்தில் வரைந்து பார்த்தேன். பதினோரு டிகிரிச் சாய்வுக்கு ஒன்றேகால் டிகிரி அதிகம் காட்டுகிறது. இதில் வில்லங்கம் என்னவென்றால், மட்டமாகப் பிடித்துச் சோதித்தால் நூல் ஒழுங்காக 90-இல் நிற்கும். தப்பு இருப்பதே தெரியாது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சுவரிலிருந்து கண் சரியாக ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும்படி நின்று, கண் மட்டத்துக்கு மேல் 88 சென்டிமீட்டரில் ஒரு குறி வைத்து அளக்க வேண்டும். அது பத்து டிகிரி காட்ட வேண்டும்.

பத்தரையோடு முக்கால், அதோடு ஒன்றேகால். கூட்டினால் பன்னிரண்டரை!

பையன் பொய் எழுதவில்லை. அவன் கருவி காட்டியதை அப்படியே எழுதினான். பன்னிரண்டரை டிகிரி என்றால், நம் ஊர்ப் பக்கம் போகும் அதே நான்கு வழிச்சாலையில் கிருஷ்ணகிரி. ஏன் கிருஷ்ணகிரி வந்தது என்று அன்றைக்கு இருவரும் உட்கார்ந்து தேடியிருந்தால், வானம் சுற்றுவதையும் கருவி ஏமாற்றுவதையும் ஒரே நாளில் கற்றிருப்போம். அவன் மட்டுமல்ல, நானும்.

சோழமண்டலக் கரை மாலுமிகள் ராப்பலகை என்று ஒரு சிறு மரப்பலகை வைத்திருந்தார்கள். அதன் நடுவிலிருந்து முடிச்சுகள் போட்ட கயிறு வரும். கயிற்றைப் பல்லில் கடித்துப் பலகையைத் தள்ளிப் பிடித்து, கீழ் விளிம்பு கடல் மட்டத்திலும் மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்திலும் படும்படி வைத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகம். காங்கிரீவ் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தக் கரை மாலுமிகளின் கருவிகளைப் பற்றி 1850-இல் எழுதியிருக்கிறார். ஊர்க் கரையில் நின்று பார்த்துப் போட்ட முடிச்சு என்றால், பலகை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பாதகமில்லை. திரும்பி வரும்போதும் அதே கோணல்தானே. அவர்களுக்கு டிகிரிக் கணக்கு வேண்டாம், பார்த்தது போதும். நான் "பார்த்தால் போதாது" என்றேன்.

என் கருத்து இதுதான். செய்முறை நோட்டில் விடை சரியா என்று பார்த்து மதிப்பெண் போடுவதை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் பிள்ளைகள் 10½ என்று முதலில் எழுதிவிட்டு, அளவுகளைப் பின்னால் இட்டுக்கட்டுவார்கள். அப்படி எழுதிய நோட்டுகளுக்கு நானே முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். எத்தனை தடவை அளந்தான், எந்த மாதம், எத்தனை மணிக்கு, நூலை எங்கே கட்டினான், விடை ஏன் தள்ளிப்போனது என்பதற்குத்தான் மதிப்பெண்.

பேரனின் நோட்டில் அந்தப் பத்து எண்களும் அடிக்காமல், அழிக்காமல் அப்படியே இருக்கின்றன. கீழே "சராசரி 10.9, கரூர் பக்கம்" என்று எழுதியிருக்கிறான். அதன் அடியில் நான் கையெழுத்துப் போட்டேன், நீல மையில்.

அந்தப் பழைய மாணவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. இதைப் படித்தால், தம்பி, உன் பன்னிரண்டரைக்கு நான் ஒரு மதிப்பெண் பாக்கி.