நிறுத்தமும் ஈற்றுயிரும்

ஃபாத்திஹா அத்தியாயத்தின் ஏழு வசனங்களும் எப்படி முடிகின்றன என்று அரபுப் பிரதியில் பார்த்தால், ஒவ்வொன்றின் கடைசி எழுத்திலும் ஓர் உயிர்க்குறி இருக்கும். அந்தக் குறிகளை அப்படியே ஒலித்தால் ரஹீமி, ஆலமீன, ரஹீமி, தீனி, நஸ்தஈனு, முஸ்தகீம, ளால்லீன என்று ஏழு ஈறுகள் கிடைக்கும். மூன்றில் இகரம், மூன்றில் அகரம், ஒன்றில் உகரம். ஆனால் வசனத்துக்கு வசனம் நிறுத்தி ஓதுகிற எவரும் அப்படி முடிப்பதில்லை. ரஹீம், ஆலமீன், ரஹீம், தீன், நஸ்தஈன், முஸ்தகீம், ளால்லீன் என்று மெய்யெழுத்தில் போய் நிற்கிறார். ஏழு வசனங்களும் ஈம், ஈன் என்ற இயைபில் சேர்வது அந்த நிறுத்தத்தால்தான். குறியிட்ட உயிர்களை விடாமல் ஒலித்தால் இயைபு கலைந்துபோகும்.

எழுதியிருக்கும் உயிரை ஏன் ஒலிக்காமல் விடுகிறோம்? ஒலிக்காத உயிரை ஏன் எழுதுகிறோம்? அரபு இலக்கணத்தின் மிகப் பழைய விவாதங்களில் ஒன்று இந்த இடத்தில்தான் கிடக்கிறது.

அந்தக் கடைசி உயிர்களில் பெரும்பாலானவை நாம் வேற்றுமை என்று சொல்வதன் அடையாளங்கள். இஃராப் என்பது அதன் பெயர். எழுவாய்க்கு உகரம், செயப்படுபொருளுக்கு அகரம், முன்னிடைச் சொல்லை அடுத்தும் உடைமைத் தொடரிலும் இகரம். தமிழக மதரஸாக்களில் பிள்ளைகள் பேஷ், ஜபர், ஜேர் என்று சொல்லிப் படிப்பவை இந்த மூன்றுதான். 'ஒரு நூல்' என்ற பொருளில் வரும்போது இவற்றோடு ஒரு னகரமும் சேரும். கிதாபுன், கிதாபன், கிதாபின் என்று ஆகும். அதற்குத் தன்வீன் என்று பெயர். வினையின் ஈற்றிலும் இத்தகைய மாற்றம் உண்டு. நஸ்தஈனு என்பது வினை. அதன் உகரம், அந்த வினையை மாற்றும் இடைச்சொல் எதுவும் முன்னால் வரவில்லை என்பதைக் காட்டுகிறது.

ஓர் உயிர் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு மரபில் ஒரு கதை உண்டு. தவ்பா அத்தியாயத்தின் 3ஆம் வசனத்தில், இணைவைப்போரிடமிருந்து இறைவனும் அவனுடைய தூதரும் விலகியவர்கள் என்ற பொருளில் 'ரஸூலுஹு' என்ற சொல் வருகிறது. ஒருவர் அதை 'ரஸூலிஹி' என்று ஓதிவிட்டார். உகரம் இகரமானதும், இறைவன் இணைவைப்போரிடமிருந்தும் தன் தூதரிடமிருந்தும் விலகியவன் என்று பொருள் தலைகீழானது. அதைக் கேட்டுத் திடுக்கிட்ட பஸ்ராவின் அபுல் அஸ்வத் அத்துஅலீ, எழுத்தின் மேலும் கீழும் பக்கத்திலும் புள்ளியிட்டு உயிர்களைக் காட்டும் முறையைத் தொடங்கினார் என்கிறார்கள். அவர் இறந்தது 688இல்.

இதே சொல்லில் நின்று பார்த்தால் நிறுத்தத்தின் எல்லையும் தெரியும். சரியாக ஓதியவர் 'ரஸூலுஹ்' என்று நிற்பார். தவறாக ஓதியவர் 'ரஸூலிஹ்' என்று நிற்பார். வேற்றுமை உயிருக்குப் பின்னால் 'அவனுடைய' என்ற ஒட்டு இருப்பதால், நிறுத்தம் அந்த ஒட்டின் உயிரை மட்டுமே எடுத்துக்கொண்டது, வேற்றுமை தப்பித்தது. நிறுத்தம் வேற்றுமையைத் தேடிப் பிடித்து அழிப்பதில்லை. சொல்லின் ஆகக் கடைசியில் நிற்கும் குற்றுயிரை எடுக்கிறது, அது வேற்றுமையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆலமீன என்பதில் உள்ள கடைசி அகரம் வேற்றுமையே அல்ல. அங்கே வேற்றுமையைக் காட்டுவது அதற்கு முன்னுள்ள நெடிய ஈகாரம். அகரம் போன பிறகும் ஈகாரம் நிற்கிறது.

வக்ஃபு எனப்படும் இந்த நிறுத்தத்தின் விதிகளில் முக்கியமானவை மூன்று. முதலாவது, ஈற்றுக் குற்றுயிர் போய் மெய் நிற்கும். உகர, இகரத் தன்வீன்களும் அப்படியே போகும். இரண்டாவது, அகரத் தன்வீன் போகாமல் ஆகாரமாக நீளும். நஸ்ர் அத்தியாயத்தின் கடைசி இரு வசனங்கள் அஃப்வாஜா, தவ்வாபா என்று முடிவது இதனால்தான். இடையில் சேர்த்து ஓதினால் அஃப்வாஜன் என்று வரும். மூன்றாவது, பெண்பால் ஈறான வட்டத் தகரம் ஹகரமாகும். அல்காரிஅது என்பது அல்காரிஅஹ் என்று நிற்கும். இந்த ஈற்றில் அகரத் தன்வீன் இருந்தாலும் ஹகரம்தான், ஆகாரம் வராது.

அரபு எழுத்துமுறையே இந்த விதிகளின் மேல்தான் நிற்கிறது. ஒவ்வொரு சொல்லும் அதோடு பேச்சு நின்றுவிடுவதுபோல எழுதப்படுகிறது. அதனால்தான் உகர, இகரத் தன்வீன்களின் னகரத்துக்கு எழுத்து இல்லை. அகரத் தன்வீனுக்கு மட்டும் அலிஃப் எழுதுகிறார்கள். வட்டத் தகரத்துக்கு ஹகரத்தின் வடிவமும் அதன் மேல் இரு புள்ளிகளும் அமைந்ததும் அதே காரணத்தால். எழுத்து நிறுத்தத்தைக் காட்டுகிறது. பின்னால் வந்த குறிகள் தொடர்ச்சியைக் காட்டுகின்றன.

இக்லாஸ் அத்தியாயத்தை எடுத்துப் பார்க்கலாம். அதன் நான்கு வசனங்களின் ஈறுகள் அஹதுன், ஸமது, யூலத், அஹதுன். முதலாவதும் நான்காவதும் தன்வீன் பெற்ற எழுவாய் வடிவங்கள். இரண்டாவது, சுட்டு முன்னொட்டு இருப்பதால் தன்வீன் இல்லாத எழுவாய் வடிவம். மூன்றாவது வினை. முன்னால் உள்ள எதிர்மறை இடைச்சொல் அதன் ஈற்றுயிரை ஏற்கெனவே நீக்கிவிட்டது. நிறுத்தி ஓதினால் அஹத், ஸமத், யூலத், அஹத். எதில் உயிர் இருந்து போனது, எதில் இல்லவே இல்லை என்று காதுக்குத் தெரியாது. சேர்த்து ஓதும்போது வேறுபாடு வெளியே வருகிறது. முதல் வசனத்தை இரண்டாவதோடு இணைத்தால் தன்வீனின் னகரம் இகரம் பெற்று 'அஹதுனில்' என்று அடுத்த சொல்லைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவதை நான்காவதோடு இணைத்தாலும் யூலத் என்ற மெய்யீறு அசையாது.

நம் நாவுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தமிழில் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. குறுகிய ஓர் உகரம் தானாக வந்து சேரும். தகரத்தில் நிற்க வேண்டிய இடத்தில் நம் பிள்ளைகள் 'அஹது' என்று முடிப்பது அதனால்தான். அந்தத் தகரம் கல்கலா எழுத்துகளில் ஒன்று. நிறுத்தத்தில் அது அதிர்ந்து விடுபட வேண்டும் என்று கற்பிப்பதால், அந்த அதிர்வை உயிராக்கிவிடும் பழக்கம் இன்னும் வலுக்கிறது. நிறுத்தம் நீக்கிய உகரத்தைத் தமிழ் நாவு திரும்பக் கொண்டுவந்து வைப்பதுபோல ஆகிவிடுகிறது. அதிர்வுக்குப் பின் ஒலி நீள்கிறதா, தனி அசையாகக் கேட்கிறதா என்று கவனித்தால் தவறு பிடிபடும்.

இனி அந்த விவாதத்துக்கு வருவோம். நிறுத்தத்தில் போய்விடுகிற ஒன்று பொருளுக்குத் தேவையானதாக இருக்க முடியுமா? இலக்கண அறிஞர் சீபவைஹியின் மாணவர் குத்ருப் முடியாது என்றார். அவர் இறந்தது 821இல். பேச்சு நிற்கும்போது சொல் மெய்யில் முடிகிறது. தொடரும்போதும் மெய்யிலேயே முடிந்தால் பேச்சு தடைப்பட்டு மெதுவாகும். அந்தத் தடை நீங்கவே உயிர்கள் வந்தன, பொருள் காட்ட அல்ல என்பது அவர் வாதம். பின்னால் வந்த இலக்கண அறிஞர் அஸ்ஸஜ்ஜாஜீ தம் நூலில் இதைப் பதிவு செய்து, மற்றவர்களின் மறுப்பையும் எழுதியிருக்கிறார். இணைப்பு ஒன்றே நோக்கம் என்றால் எந்த உயிரும் எந்த இடத்திலும் வரலாமே. எழுவாய்க்கு ஒருமுறை உகரம், இன்னொருமுறை இகரம் என்று சொல்லலாமே. அரபிகள் அப்படிப் பேசவில்லையே என்பது அந்த மறுப்பு. இருபதாம் நூற்றாண்டில் எகிப்தின் மொழியியலாளர் இப்ராஹீம் அனீஸ் குத்ருபின் பக்கம் நின்றார்.

குத்ருப் கண்டது பொய்யல்ல என்று நினைக்கிறோம். ஈற்றுயிர் அடுத்த சொல்லுக்கும் உரியது. அடுத்த சொல் இல்லாதபோது அதற்குப் பாதி வேலை போய்விடுகிறது. மூச்சு முடியும் இடத்தில் குற்றுயிர் தேய்வது இயல்பும்கூட. ஆனால் மீதிப் பாதி வேலை பொருளுடையது என்பதற்கு நிறுத்தத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. பன்மையில் முஸ்லிமூன், முஸ்லிமீன் என்று நின்றாலும் வேற்றுமை கேட்கிறது. சீபவைஹி பதிவு செய்த சில அரபிகளின் வழக்கில், போகப்போகும் உயிரை முந்தைய மெய்க்கு நகர்த்தி, பக்ரு என்பதை 'பகுர்' என்று நிறுத்தினார்கள். வேறு பயன் இல்லாத ஒலியை யாரும் இப்படி இடம்மாற்றிக் காப்பாற்ற மாட்டார்கள்.

ஓதல் மரபு அதைவிட நுட்பமான இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. ரவ்ம் என்பது ஈற்று உகரத்தையோ இகரத்தையோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, அருகில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்வது. இஷ்மாம் என்பது மெய்யில் நின்ற உடனே, ஒலி எதுவும் இல்லாமல், உகரத்துக்குரியபடி உதடுகளைக் குவிப்பது. அது உகரத்துக்கு மட்டுமே உண்டு. ரவ்மைப் பார்வையற்றவரும் அறியலாம்; இஷ்மாமைப் பார்ப்பவர் மட்டுமே அறிய முடியும். நம் நாவில் வரும் குற்றியலுகரத்தில் ஒலி உண்டு, உதட்டுக் குவிவு இல்லை. இஷ்மாமில் குவிவு உண்டு, ஒலி இல்லை. நிறுத்தியவர் எதை நிறுத்தினார் என்பதை எதிரே இருப்பவர் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

கவிதை எதிர்த்திசையில் போகிறது. பழைய அரபுக் கசீதாக்களில் பெரும்பாலானவை ஈற்றுயிரை விடுவதில்லை, நெடிலாக நீட்டும். எனவே இயைபு எழுத்தோடு அதன் உயிரும் பாடல் முழுவதும் மாறாமல் வர வேண்டும். உகரமும் இகரமும் கலந்தால் அது இக்வா என்ற குற்றம். கவிஞர் நாபிஃகா துப்யானீ தகர இயைபில் ஒரு பாடலைச் சொன்னபோது ஓரடியில் 'தி' என்றும் இன்னோர் அடியில் 'து' என்றும் வந்துவிட்டதாம். எடுத்துச் சொல்லியும் அவருக்குப் பிடிபடவில்லை. யஸ்ரிப் நகரத்தார் ஒரு பாடகியை அழைத்து, ஈறுகளை நீட்டிப் பாடச் சொன்னார்கள். அப்போதுதான் அவர் காதில் குறை விழுந்தது என்கிறது மரபு. தகரத்தில் நிறுத்திச் சொல்லியிருந்தால் அந்தக் குற்றம் கடைசிவரை வெளிப்பட்டிருக்காது.

நம் மக்தபுகளில் தஜ்வீத் முதலில் வருகிறது. நஹ்வு என்ற இலக்கணம் அரபுக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு மட்டும், அதுவும் ஆண்டுகள் கழித்து. அதனால் மிகப் பலருக்கு நிறுத்தம் என்பது மெய்யில் முடிக்கும் பழக்கம் மட்டுமே. மூச்சு போதாமல் வசனத்தின் நடுவில் நின்றுவிட்டால் அந்தப் பழக்கம் கைகொடுப்பதில்லை. உயிரோடு நின்றுவிடுகிறார்கள், அல்லது மெய்யில் முடித்துவிட்டு, மூச்சு விடாமல் அடுத்த சொல்லுக்குத் தாவுகிறார்கள். இரண்டும் தவறு. இதற்குப் பெரிய பாடத்திட்டம் வேண்டாம். பிள்ளை ஒரு வசனத்தை முடித்ததும் ஆசிரியர் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும்: சேர்த்து ஓதினால் எந்த உயிர் வரும்? அது ஏன் வருகிறது? நஸ்தஈன் என்று நின்ற பிள்ளைக்கு அங்கே ஓர் உகரம் இருப்பதும் அது வினைக்குரியது என்பதும் தெரிந்துவிட்டால், ஏழு வசனங்களுக்குள் அரபு இலக்கணத்தின் முதல் அத்தியாயம் முடிந்துவிடும். எந்த உயிரை விட்டோம் என்று அறிந்து விடுவதற்குப் பெயர்தான் வக்ஃபு.