பழைய பெயரை மறைக்காதீர்கள்

கடைக்குப் பெயர் மாற்றுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது: பழைய பெயர் கண்ணில் பட்டால் புதுப் பெயர் எடுபடாது. எண்கணிதம் பார்த்து மாற்றியவர் பழைய பெயரைச் சொல்லவே அஞ்சுகிறார். விளம்பரக்காரரும் அதற்குத் தலையாட்டுகிறார். இரவோடு இரவாகப் பலகை இறங்குகிறது. மறுநாள் வாழைமரம், ஃப்ளெக்ஸ், ‘திறப்பு விழா’. பிழைப்பைக் கெடுக்கிற நம்பிக்கை இது.

கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை, ‘முருகன் ஸ்டோர்ஸ்’ என்று வைத்துக்கொள்வோம். அது ‘எம்.எஸ். சில்க்ஸ்’ ஆகிறது. அடுத்த தெருக்காரருக்கு அறிவிப்பே வேண்டாம். கல்லாவில் அதே முதலாளி உட்கார்ந்திருப்பதை அவர் பார்க்கிறார். அறிவிப்பு வேண்டியது, தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கிராமத்திலிருந்து வருகிற குடும்பத்துக்கு. அவர்கள் புதுப் பலகையைப் பார்த்ததும் ‘கடை கைமாறிப்போச்சு’ என்று முடிவு கட்டுவார்கள். யாரையும் கேட்கமாட்டார்கள், பக்கத்துக் கடையில் ஏறிவிடுவார்கள். இழந்தது முதலாளிக்குத் தெரியவே தெரியாது. ஒரு மாதம் கட்டிவைத்த ஃப்ளெக்ஸ் இவர்கள் கண்ணில் எப்படிப் படும்?

அதனால் ‘முன்பு முருகன் ஸ்டோர்ஸ்’ என்ற வரி பலகையிலேயே இருக்க வேண்டும். பழைய எழுத்து வடிவில், பழைய நிறத்தில், எதிர்ச்சாரியிலிருந்து படிக்கும் அளவில். ஜவுளிக்கு ஒரு தீபாவளியிலிருந்து அடுத்த தீபாவளி தாண்டும்வரை அது இறங்கக் கூடாது. மாதாமாதம் ஆள் வருகிற மருந்துக்கடைக்குச் சில மாதம் போதும். ‘அதே இடம், அதே உரிமையாளர்’ என்றும் எழுதுங்கள். ‘திறப்பு விழா’ என்று மட்டும் போட்டால் வேறு ஆள் வந்துவிட்டதாகத்தான் படும்.

சின்னத்திலும் பழையது ஏதாவது மிஞ்சட்டும். துணிப்பையில் இருந்த வேல் படத்தை வைத்தே கடையைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் கேப் துணிக்கடை 2010 அக்டோபரில் தன் நீலச் சதுரச் சின்னத்தைத் திடீரென மாற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழையதற்கே திரும்பியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி.

கைப்பேசியிலும் இதே தவறு நடக்கிறது. கூகுள் மேப்பில் இருக்கிற பதிவிலேயே பெயரைத் திருத்த வேண்டும். புதுப் பதிவு போட்டுப் பழையதை மூடினால், வருடக்கணக்கில் சேர்ந்த பாராட்டுகள் ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்ற வரியின் கீழ் கிடக்கும். தேடுகிறவர் கடையே போய்விட்டது என்று நினைப்பார். கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்தால் வரும் பெயர் பலகையோடு ஒத்துப்போகாவிட்டால், பணம் போட வந்தவர் தயங்குவார்.

ஒரே ஒரு விலக்கு: பாகப்பிரிவினையில் பழைய பெயர் அண்ணன் தம்பிக்குப் போயிருந்தால், அவர் எழுத்தில் சம்மதிக்காமல் அதைப் போடக் கூடாது. மற்றபடி அந்தப் பெயர் நீங்கள் சம்பாதித்தது. புதுப் பலகைக்கு அளவு கொடுக்கும்போதே அதற்கும் ஒரு வரி ஒதுக்கச் சொல்லுங்கள்.