சிவப்பு ஒளியில் வாலியும் அனுமனும்

சாந்தன்பாறைப் பகுதியின் திருவிழா மேடை ஒன்றில் அண்மையில் கதகளி கண்டேன். போர்க்காட்சி தொடங்கியதும் முன்விளக்குகள் அனைத்தும் அடர்சிவப்புக்கு மாறின. பச்சை வேடத்தின் முகம் கருத்தது. சிவப்புச் சட்டையும் வெள்ளைப் பாவாடையும் ஒரே நிறமாயின. காட்சிக்கு உக்கிரம் சேர்க்கக் கருதியவர்கள், அறியாமலே அதன் பொருளை அழித்துவிட்டனர்.

கதகளியில் நிறம் அலங்காரம் அன்று, இலக்கணம். பச்சை முகம் இராமன் போன்ற உயர்ந்தோரைச் சுட்டும். சிவப்புத் தாடி வாலிக்கும் துச்சாதனனுக்கும் உரியது; வெள்ளைத் தாடி அனுமனுக்கு. கரி வேடத்தின் கருமை கானகத்தாருக்கும் அரக்கியருக்கும் உரியது.

அடர்சிவப்பு ஜெல் தாள் விளக்கின் ஒளிக்கு நிறம் சேர்ப்பதில்லை. சிவப்பு ஒழிந்த பிற நிறங்களைத் தடுத்துவிடுகிறது. பச்சைப் பூச்சு சிவப்பை மிகுதியாக உட்கொள்வதால், திருப்பி அனுப்ப அதனிடம் ஏதுமில்லை, எனவே கருக்கிறது. வெள்ளைத் துணியும் சிவப்புத் துணியும் அந்த ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் திருப்புகின்றன. எனவே கண்ணால் அவற்றைப் பிரித்தறிய இயலவில்லை. இராமன் கரி வேடத்தை நெருங்குகிறான். வாலியின் தாடியும் அனுமனின் தாடியும் ஒன்றாகின்றன.

‘மரபான ஆட்டவிளக்கின் சுடரும் செம்மஞ்சள்தானே?’ என்று கேட்கலாம். சுடரில் சிவப்பு மிகுதி, நீலம் குறைவு என்பது உண்மை. ஆயினும் அதன் நிறமாலையில் இடைவெளி இல்லை. பச்சையும் போதிய அளவு உண்டு. அதனால்தான் பச்சை முகம் சற்று மஞ்சள் ஏறினாலும் பச்சையாகவே நிற்கிறது. சிவப்பு ஜெல்லோ, சிவப்பு எல்.இ.டி. விளக்கோ அந்தப் பச்சைப் பகுதியை ஏறத்தாழ முற்றிலும் நீக்கிவிடுகிறது.

ஆகவே என் நிலைப்பாடு இது: முகத்திலும் உடையிலும் நேரே விழும் முன்னொளிக்கு, லீ 103 எண்ணுள்ள வைக்கோல் நிறம் போன்ற வெளிர்தாளே போதும், ஆலசன் விளக்காயின் தாளே இன்றியும் விடலாம். சிவப்பு வேண்டுமெனில் பின்திரையிலும் பின்னொளியிலும் வையுங்கள். கிரீடத்தின் விளிம்பும் பாவாடையின் ஓரமும் சிவக்கும், முகம் தப்பும்.

தாளைக் கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்துத் தேர்வதே பெரும் பிழை. அப்போது தெரிவது தாளின் நிறமே. துணிக்கு நேரப்போவது தெரியாது. ஆட்டத்துக்கு முன் அரங்கை இருட்டாக்கி, ஒரு சிவப்புத் துணி, ஒரு வெள்ளைத் துணி, பச்சைப் பூச்சு தடவிய அட்டை ஆகிய மூன்றையும் அந்த ஒளியில் அருகருகே வைத்து, கடைசி வரிசையிலிருந்து பாருங்கள். சில நிமிடம் காத்திருப்பது அவசியம். ஒற்றை நிற ஒளிக்குக் கண் பழகியபின் சிவப்புத் துணியே வெளிறித் தோன்றும். மூன்றும் மூன்றாகத் தெரியாவிடில் அந்தத் தாள் முன்விளக்குக்கு ஆகாது.

வேடம் புனையப் பல மணி நேரம் செலவிடும் கலைஞருக்கு, ஒளியமைப்பாளர் தரவேண்டிய குறைந்தபட்ச மரியாதை இந்தச் சோதனை.