அந்த எம்.டி.ஐ. கட்டத்தை அடித்துவிடுங்கள்

என் பழைய மாணவர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும் கொஞ்சம் நீளமான பதிவு. உங்களில் பத்துப் பேராவது இப்போது கம்பெனிகளில் ஆள் எடுக்கும் நாற்காலியில் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் வளாக நேர்காணல். வெளியாள் ஒருவர் வேண்டும், அதுவும் ஆங்கில வாத்தியாராக இருந்தால் நல்லது என்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனி. வேலை, சர்வீஸ் இன்ஜினியர். கையில் கொடுத்த மதிப்பெண் தாளில் ‘தொடர்புத் திறன் 20’ என்று இருந்தது. அதை நான்காகப் பிரித்திருந்தார்கள். அதில் ஒரு கட்டத்தின் பெயர் எம்.டி.ஐ., 5 மதிப்பெண். கால் சென்டர் வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், ஆங்கிலத்தில் தாய்மொழியின் சாயல் எவ்வளவு தெரிகிறது என்பதற்கான சுருக்கெழுத்து அது. சாயல் தெரிந்தால் மதிப்பெண் குறையும். தாய்மொழி இருப்பதே ஒரு குற்றம் போல.

எல்லோருக்கும் ஒரே கேள்வி: ‘மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் போன் செய்கிறார். ஆங்கிலத்தில் அவருக்கு வழி சொல்லுங்கள்.’ நல்ல கேள்வி, குறை சொல்ல மாட்டேன்.

சங்கரன்கோவில் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். முதலில் அவன் கேட்டான்: நேற்று தண்ணீர் வந்ததா, இன்றைக்குத்தான் நின்றதா? பிறகு மோட்டாரை நிறுத்தச் சொன்னான். மேலே உள்ள மூடியைக் கழற்றித் தண்ணீர் ஊற்றுங்கள், நிரம்பியதும் இரண்டு நிமிடம் பாருங்கள், மட்டம் இறங்கினால் கிணற்றுக்குள் இருக்கும் ஃபுட் வால்வ் ஒழுகுகிறது, இறங்காமல் நின்றும் தண்ணீர் வரவில்லையென்றால் உறிஞ்சும் குழாயின் இணைப்பில் காற்று இழுக்கிறது என்றான். இதெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் ஃபுட் வால்வ் அவன் வாயில் ‘புட்டு வால்வு’. எம்ப்டி என்பது ‘யெம்ப்டி’. நாம் எலியை ‘யெலி’ என்கிறோம், பஸ்ஸை ‘பஸ்ஸு’ என்கிறோம். அதே நாக்குத்தானே ஆங்கிலமும் பேசுகிறது!

அடுத்தவன் சென்னையில் பெரிய பள்ளியில் படித்தவன். வழவழவென்று பேசினான். ‘ப்ரைமிங் போதுமானதாக இருப்பதை உறுதிசெய்து, உறிஞ்சும் பக்கத்தை முறையாகச் சோதிக்க வேண்டும்’ என்ற பொருளில் இரண்டு நிமிடம் அழகான ஆங்கிலம். மோட்டாரை நிறுத்தச் சொல்லவேயில்லை. எந்த மூடி, எவ்வளவு தண்ணீர், எதைப் பார்ப்பது, ஒன்றும் இல்லை.

கம்பெனிக்காரர் இவனுக்கு 16 போட்டார். சங்கரன்கோவில் பையனுக்கு 8. எம்.டி.ஐ. கட்டத்தில் 1. அந்தக் கட்டத்தில் மட்டும் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ‘தெளிவு’ கட்டத்திலும் குறைத்திருந்தார். ஒரே உச்சரிப்புக்கு இரண்டு தண்டனை.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்படாமல் ஒன்று செய்தேன். “சார், இந்த ரெண்டு பேரும் உங்களை என்னென்ன செய்யச் சொன்னாங்க? பார்க்காம எழுதுங்க” என்றேன். பாவம், நேர்மையான மனிதர், எழுதினார். சங்கரன்கோவிலுக்கு ஐந்து வரி. சென்னைக்கு ஒன்றரை வரி. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “புரியுது சார், ஆனா அக்சென்ட்...” என்றார்.

அந்த ‘ஆனா’வைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கனடாவில் மன்ரோ, டெர்விங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1995-இல் இதைத்தான் சோதித்தார்கள். சீன மொழிக்காரர்கள் பேசிய ஆங்கிலத்தைக் கேட்கவைத்து, காதில் விழுந்ததை அப்படியே எழுதச் சொன்னார்கள். உச்சரிப்பு எவ்வளவு அந்நியமாக இருக்கிறது என்றும் தனியாகக் கேட்டார்கள். ‘ரொம்ப அந்நியம்’ என்று குறித்த பல வாக்கியங்களையே ஒரு சொல் பிசகாமல் எழுதியிருந்தார்கள். உச்சரிப்பு வேறு, புரிதல் வேறு. அதற்கு மூன்று வருடம் முன்னால் அமெரிக்காவில் ரூபின் என்பவர் செய்தது இன்னும் உறைக்கும். ஒரே ஒலிநாடாவை மாணவர்களுக்குப் போட்டார், பேசியவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். பாதிப் பேருக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைக் காட்டினார், மீதிப் பேருக்கு ஆசியப் பெண்ணின் படம். ஆசியப் படத்தைப் பார்த்தவர்கள் நாடாவில் இல்லாத உச்சரிப்பைக் கேட்டார்கள். பாடமும் அவர்களுக்குக் குறைவாகத்தான் நினைவில் நின்றது. அதாவது பாதி அக்சென்ட் கேட்பவனின் தலைக்குள் இருக்கிறது.

என் தலையும் விதிவிலக்கில்லை. அன்றைக்கு ஜார்க்கண்டிலிருந்து வந்து இங்கே படித்த ஒரு பெண்ணும் இருந்தாள். ஸ்டார்ட்டரை ‘இஸ்டார்ட்டர்’ என்றாள், வேகமாகப் பேசினாள். நான் ‘தெளிவு’க்கு 5-க்கு 2 போட்டேன். பிறகு அதே சோதனையை எனக்கு நானே வைத்து எழுதிப் பார்த்தால், மோட்டாரை நிறுத்துவது முதல் காற்றுக்கசிவு வரை எல்லாம் சொல்லியிருக்கிறாள். மும்முனை மோட்டார் என்றால் தலைகீழாகச் சுற்றுகிறதா பாருங்கள் என்று கூடுதலாக ஒன்றும் சொல்லியிருக்கிறாள்! சங்கரன்கோவில் பேச்சு என் காதுக்குப் பழக்கம், ராஞ்சிப் பேச்சு பழக்கமில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். 2-ஐ அடித்து 5 போட்டேன். முப்பது வருடம் வகுப்பில் ‘யெம்மெல்லே’ என்றவனை எழுப்பி நிறுத்திச் சிரிக்க வைத்தவன் நான். அந்தப் பிள்ளைகளில் சிலர் இதைப் படிப்பீர்கள். தப்பு என்னுடையது.

சரி, என்ன செய்யலாம் என்பீர்கள். அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். அதன் இடத்தில் இந்த எழுதிப் பார்க்கும் சோதனையை வையுங்கள்: விண்ணப்பதாரர் வெளியே போனதும், மதிப்பெண் போடும் முன், அவர் செய்யச் சொன்னதைக் கேட்டவர் எழுத வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதி, தனித்தனியாக மதிப்பெண் போட்ட பிறகுதான் பேச வேண்டும். இல்லாவிட்டால் மூத்தவர் முகம் சுளித்ததும் மற்ற இருவரும் சுளிப்பார்கள், நேரில் பார்த்தேன். ஒரு சொல் புரியவில்லையா, முகத்துக்கு நேரே கேளுங்கள். வேறு சொல்லால் விளக்கத் தெரிகிறதா என்பது உண்மையான தொடர்புத் திறன். அதற்குத் தாராளமாக மதிப்பெண் போடுங்கள். கேட்ட பிறகும் புரியவில்லையென்றால் குறையுங்கள், ஆனால் புரியாத அந்தச் சொல்லைத் தாளில் எழுதிவிட்டுக் குறையுங்கள். ‘அக்சென்ட்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள்.

உச்சரிப்புக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் நாள் முழுக்கப் போனில் பேசும் வேலை என்றால் அவருக்குப் புரிய வேண்டும்தான். அப்போதும் அவரைப் போன்ற ஒருவரைக் கேட்கவைத்து எழுதச் சொல்லுங்கள். அவருக்குப் புரிகிறதா என்பதை நீங்களும் நானும் ஊகித்துச் சொல்ல முடியாது. இங்கே வாடிக்கையாளர் யார்? கிணற்றடியில் நிற்கும் விவசாயி. அவரும் ‘புட்டு வால்வு’தான் சொல்கிறார்!

அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது. பையன் 3 மதிப்பெண்ணில் பட்டியலுக்கு வெளியே போய்விட்டான். எம்.டி.ஐ. கட்டத்தில் மட்டும் அவனுக்குப் போனது 4. கம்பெனிக்காரர், “தாள் ஹெட் ஆபீஸ்ல இருந்து வருது சார், நான் மாத்த முடியாது” என்றார். மாற்ற முடிந்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். உங்கள் கம்பெனித் தாளில் இந்தக் கட்டம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் கமென்ட்டில் வேண்டாம், தனியாக எனக்குப் போன் செய்யுங்கள். மேலே எழுத வேண்டிய கடிதத்தைச் சேர்ந்து எழுதுவோம். சர்வீஸ் ஆள் தேவைப்படும் பம்ப் கம்பெனி யாருக்காவது தெரிந்தாலும் சொல்லுங்கள். பையனின் நம்பர் என்னிடம் இருக்கிறது.